வெள்ளை என்றால் துக்கமா, பச்சை என்றால் உயிரா? கவிதை வாசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கவிதையில் வெள்ளை வந்தால் துக்கம்தானே அண்ணாச்சி? பிள்ளையோட நோட்ஸில் அப்படித்தான் போட்டிருக்கு.

சில பாட்டில் ஆம், பல பாட்டில் இல்லை. சில நல்ல பாட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், அதுதான் வாசிக்க ருசியானது.

புறநானூற்றில் 279ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஒருத்தி, முந்தைய சண்டையில் தமையனை (தந்தை என்று உரை சொல்பவர்களும் உண்டு) இழந்தவள், நேற்றைய சண்டையில் புருஷனையும் இழந்தவள், இன்றைக்குப் பறைச்சத்தம் கேட்டதும் வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே பையனைக் கூப்பிடுகிறாள். அவன் கையில் வேலைக் கொடுத்து, ‘வெளிது விரித்து உடீஇ’, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, போ என்று களத்துக்கு அனுப்புகிறாள். வெளிது என்றால் வெள்ளைத்துணி. அது போருக்குப் போகிறவனுக்கு உடுத்திவிட்ட மடிப்புக் கலையாத உடுப்பு, அவ்வளவுதான். பாட்டில் துக்கம் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி என்று அடுத்தடுத்து வாசிக்கும்போது, இழவு வீட்டில் குளிப்பாட்டி உடுத்துவதைப் பார்த்த யாருக்கும் வயிறு கலங்கும். புலவர் சாவைச் சொல்லவே இல்லை, வெள்ளையை விரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இதோடு 286ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஔவையார் பாட்டு, ஐந்தே அடி. ‘வெள்ளை வெள்யாட்டுச் செச்சை போல’ என்று இளவட்டங்களை வெள்ளாட்டுக் கிடாய்களுக்கு ஒப்பிட்டுத் தொடங்குகிறது, முடிவில் பாடையில் கிடத்தி ‘தூவெள் அறுவை’ போர்த்துவது வருகிறது. துள்ளுகிற கிடாயும் வெள்ளை, பிணத்தின் மேல் போர்த்துகிற துணியும் வெள்ளை, இடையில் மூன்று அடிதான். நோட்ஸில் ‘வெள்ளை = துக்கம்’ என்று எழுதிவைத்தால் முதல் அடியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போ நம்ம ஊர் வெள்ளைச் சேலை? அது துக்கம் இல்லையா?

துக்கம்தான், ஆனால் எல்லாருக்கும் இல்லை, எப்போதும் இல்லை.

எங்கள் ஆச்சி முப்பத்தஞ்சு வருசம் வெள்ளைச் சேலைதான் கட்டினாள். பெட்டியில் அடுக்கியிருந்த கண்டாங்கிகளை எல்லாம் மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். அந்தத் தலைமுறையில் எங்கள் பக்கம் பல சமுதாயங்களில் இதுதான் வழக்கம், இன்றைக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில், பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் மேலப்பாளையத்தில் முஸ்லிம் பெண்கள் வெளியே கிளம்பும்போது வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொள்வார்கள், கல்யாணத்துக்குப் போகிறவளும்தான். பாளையங்கோட்டையில் கோயில் என்று மாதா கோயிலைச் சொல்கிற தெருவில் மணப்பெண்ணுக்கே வெள்ளைச் சேலை. ஆம்பிளைகளைக் கேட்கவே வேண்டாம், பெண் பார்க்கப் போகிறவனும் துட்டி கேட்கப் போகிறவனும் ஒரே வெள்ளை வேட்டியில்தான் போவான்.

ஆகவே கவிதையில் வெள்ளைச் சேலை வந்தால் முதலில் கேட்க வேண்டியது, உடுத்தியிருப்பது யார், அதற்கு முன்னால் என்ன உடுத்தியிருந்தாள் என்பது. ஆச்சியின் வெள்ளையில் துக்கம் இருந்தது என்றால் அது அந்த நிறத்தில் இல்லை, பெட்டியை விட்டுப் போன கண்டாங்கிகளில் இருந்தது.

வெள்ளை மனசு, வெள்ளந்தி என்கிறோமே, அது தூய்மை இல்லையா?

பாதி. வெள்ளந்தியான ஆள் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பரிதாபமும் இருக்கும், கவனித்திருப்பீர்கள். உலகம் தெரியாதவன் என்ற அர்த்தம் உள்ளே கிடக்கிறது. வள்ளுவர் அதை மூடி மறைக்காமல் சொல்கிறார் (844): ‘வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை / உடையம்யாம் என்னும் செருக்கு’. இங்கே வெண்மை என்றால் அறிவு முதிராத நிலை. அதாவது, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் வெள்ளைத்தனம். உள்ளே வைரம் ஏறாத மரத்தை வெளிறு என்பார்கள், அந்த வெள்ளை இது.

இன்னொன்று. வெள்ளாடு என்கிறோம், ஊரில் பாதி வெள்ளாடு கறுப்பு. அதற்காக யாரும் பெயரை மாற்றவில்லை.

பச்சை என்றால் உயிர், செழிப்பு. இதிலுமா குறை கண்டுபிடிப்பீங்க?

கண்டுபிடிக்காமல் எப்படி! நம் ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். பச்சைத்தண்ணியில் பச்சை நிறம் இருக்கிறதா? காய்ச்சாத தண்ணி, அவ்வளவுதான். பச்சை விறகு பழுப்பாகத்தான் இருக்கும், உள்ளே ஈரம் இருப்பதால் அடுப்பில் வைத்தால் புகைந்து தள்ளும். பச்சரிசி வெள்ளை. பச்சை உடம்புக்காரி என்றால் பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவள். பச்சைப்பிள்ளை, பச்சைப்புண், பச்சைப்பொய். இதில் எதிலும் இலை நிறம் இல்லை. நெருப்பு படாதது, வெயிலில் காயாதது, இன்னும் ஆறாதது, இன்னும் முதிராதது, இதுதான் பச்சை. இலை பச்சையாக இருப்பதற்குக் காரணமே அது இன்னும் காயவில்லை என்பதுதான். தமிழ் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டது, நிறம் பின்னாலேயே வந்தது என்று நான் வாசிக்கிறேன்.

காருக்குறிச்சிப் பக்கம் மண்பானை செய்கிற வீடுகளில் வாசலில் பானைகளைக் காயவைத்திருப்பார்கள், சூளைக்குப் போகாதவை. பார்த்தால் பானைதான், தூக்கினால் பானைதான், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அடி இளகி மண்ணாகிவிடும். குறள் 660இல் வருவது இந்தப் பானைதான்: ‘சலத்தால் பொருள்செய்தே மார்த்தல் பசுமண் / கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று’. ஏமாற்றிச் சேர்த்த பொருளைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது சுடாத மண்பானையில் தண்ணீர் ஊற்றிவைப்பது மாதிரி. இந்தப் ‘பசு’வும் அந்தப் பச்சைதான். இங்கே போய் ‘பச்சை = உயிர்’ என்று எழுதினால் பானையோடு சேர்ந்து அர்த்தமும் கரைந்துவிடும்.

இழவு வீட்டையும் நினைத்துப் பாருங்கள். பாடைக்குப் பச்சை மூங்கிலும் பச்சோலையும்தான் வெட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாணப் பந்தலுக்கும் பச்சோலை. ஒரே தென்னை.

பசலை என்பது மஞ்சளா, பச்சையா? உரையில் ஒன்று இருக்கு, வாத்தியார் ஒன்று சொல்றார்.

இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒருமுறை வந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பசலை என்பது காதலன் பிரிந்திருக்கும்போது பெண்ணின் மேனியில் படருகிற வெளிறல். பழைய பாட்டுகளில் அதைப் பொன்னுக்கும் பீர்க்கம்பூவுக்கும் ஒப்பிடுவார்கள், அந்தக் கணக்கில் மஞ்சள். ஆனால் சொல் ‘பசு’விலிருந்து வருகிறது, அந்தக் கணக்கில் பச்சை. இரண்டும் சரி. பசும்பொன் என்று இன்றைக்கும் சொல்கிறோம், பச்சை நிறத் தங்கத்தையா சொல்கிறோம்? ‘பசு’ என்ற வேர் இலைப்பச்சையிலிருந்து பொன்மஞ்சள் வரைக்கும் நீண்டு கிடந்த சொல், மஞ்சள் என்கிற பெயரோ அந்தக் கிழங்கோடு ஒட்டிய பெயர்.

இப்போது குறுந்தொகை 399, பரணர் பாட்டு. நான்கே அடி.

‘ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே.’

ஊர்க்காரர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கிற கேணியின் துறையில் சேர்ந்து கிடக்கிற பாசி மாதிரி இந்தப் பசலை. அவர் தொடுகிற இடத்தில் எல்லாம் விலகுகிறது, விடுகிற இடத்தில் எல்லாம் பரவுகிறது. இவ்வளவுதான் பாட்டு.

குளத்துப் படித்துறையில் குடம் முக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாசியைக் கையால் அப்படியே ஒதுக்கினால் நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். குடத்தை முக்கித் தூக்குகிற நேரம்தான், கையை எடுத்த உடனே ஓரத்திலிருந்து பாசி மெதுவாக நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும், நீங்கள் அங்கே வந்ததற்கே அடையாளம் இருக்காது. மூன்றாவது அடியையும் நான்காவது அடியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தொடுவுழித் தொடுவுழி, விடுவுழி விடுவுழி, கை போய்ப் போய் வருகிற கதி அதிலேயே இருக்கிறது.

இதில் நிறம் எங்கே வேலை செய்கிறது? பாசி, பசலை, இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று. பரணர் பாசியையும் பசலையையும் ஒரே அடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அந்த உறவைக் காதுக்குக் கேட்கிற மாதிரி செய்துவிட்டார். பாசியின் பச்சையும் பசலையின் மஞ்சளும் ஒன்றா என்று கண் கேட்பதற்குள் காது ஒத்துக்கொண்டுவிடுகிறது. அப்புறம் இன்னொன்று, இந்தப் பாட்டில் பச்சை உயிரின் பக்கம் இல்லை. உயிர் கீழே இருக்கிற தண்ணீரில் இருக்கிறது, ஊர் குடிக்கிற தண்ணீர் அது. பச்சை அதை மூட வந்தது. கை படாத நேரத்தில்தான் பாசி வந்து மூடும்.

குறளில் பசப்புக்கு என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 119ஆவது. அதில் 1187 இதே அசைவைச் சொல்கிறது: ‘புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில் / அள்ளிக்கொள் வற்றே பசப்பு’. தழுவிக் கிடந்தவள் சற்றே புரண்டாள், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பசப்பு அள்ளிக்கொண்டது. இங்கே கேணி இல்லை, பாசி இல்லை, ஆனாலும் ‘அள்ளி’ என்கிற சொல்லில் எனக்குத் தண்ணீர் தெரிகிறது. அது என் பைத்தியம், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

அப்படியானால் அந்தக் காலத்து ஆட்களுக்குப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதா?

தெரியும். சொல் ஒன்றாக இருந்தால் கண்ணும் ஒன்றாகத்தான் பார்க்கும் என்று இல்லை. நம் மாட்டுச் சந்தையில் செவலை என்று விற்கிற மாடு மிளகாய்ப்பழச் சிவப்பிலா இருக்கும்? பழுப்பு மாடு அது. ‘பிள்ளை நல்ல செவப்பு’ என்று பெண் வீட்டுக்காரர் சொன்னால் யாரும் ரத்த நிறத்தை நினைத்துக்கொண்டு பொண்ணு பார்க்கப் போவதில்லை. அதே செம்மை திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டு மணலுக்கும் ஆகும், அது நிஜமாகவே சிவப்பு. சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் நிறத்தை முடிவு செய்கிறது.

சிவப்பும் கறுப்பும் எதைக் குறிக்கும்?

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறார், கறுப்பு சிவப்பு இரண்டுக்கும் கோபம் என்று பொருள். அதற்கு அடுத்த சூத்திரத்தில்தான் நிறத்தைச் சொல்லவும் இவை வரும் என்கிறார். கோபம் முதலில், நிறம் அப்புறம்! ‘கறுவிக்கிட்டுத் திரியுதான்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தக் கறுப்பு. பழம்பாட்டில் யாராவது கறுத்தார், சிவந்தார் என்று வந்தால் வெயிலில் நின்றார் என்று அர்த்தம் பண்ணிவிடக் கூடாது.

திருச்செந்தூரில் பச்சை சாத்தி, வெள்ளை சாத்தி என்கிறார்களே, அதற்கும் கவிதைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆவணித் திருவிழாவிலும் மாசித் திருவிழாவிலும் ஏழாம் நாள் சாயங்காலம் சண்முகர் சிவப்பு சாத்தி வருவார், சிவன் அம்சம். எட்டாம் நாள் விடியக்காலம் வெள்ளை சாத்தி, பிரம்மா அம்சம். அன்றைக்கே பகலில் பச்சை சாத்தி, பெருமாள் அம்சம். ஒரே சாமி, ஒரு நாள் பொழுதுக்குள் மூன்று நிறம், அதில் வெள்ளை படைக்கிற சாமிக்கு. வெள்ளையைத் துக்கம் என்று படித்துவிட்டு வருகிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் நின்றால் குழம்பித்தான் போகும்.

பச்சை பெருமாளுக்கு என்றால், மாயோன் கறுப்பு அல்லவா என்று ஒருத்தர் கேட்டார். எட்டயபுரத்துக்காரர் பாரதி இரண்டையுமே ஒரே பாட்டில் வைத்திருக்கிறார். காக்கைச் சிறகில் ‘நின்றன் கரிய நிறம்’, பார்க்கும் மரங்களில் ‘நின்றன் பச்சை நிறம்’. இரண்டும் ஒருத்தனுக்கே. அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பரீட்சையில் என்ன எழுதட்டும்?

நோட்ஸில் உள்ளதை ஒரு வரி எழுதிவிட்டு, ‘இப்பாடலில்’ என்று தொடங்கி அடுத்த வரியை எழுதுங்கள். எந்தப் பொருளுக்கு அந்த நிறம், அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது, இரண்டு வாக்கியம் போதும். மார்க்கு போடுகிறவரும் மனுசன்தான்.

நான் நாலு வரி எழுதியிருக்கேன். ‘வெள்ளைச் சேலையில் ஆச்சி / பச்சை வயலைப் பார்க்கிறாள் / வெறுமையும் வாழ்வும் / எதிரெதிரே’. சரியா?

கடைசி இரண்டு வரியை முதலில் அடியுங்கள், அது நோட்ஸ். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இப்படி நிறைய எழுதியவன்தான்.

மிச்சம் இரண்டு வரியில் வெள்ளையும் பச்சையும் பெயராக மட்டும் நிற்கின்றன, நிலையாக இல்லை. வயலைப் பாருங்கள். நம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். எந்தப் பூவானாலும் நாற்றங்காலில் பச்சைப் பசேல் என்று நிற்கிற நாற்றைப் பிடுங்கி நட்ட மறுநாளே நுனி வெளிறிச் சாய்ந்து கிடக்கும், வேர் அறுபட்ட அதிர்ச்சி. வயல் முழுக்க ஒரு மஞ்சள் அடித்திருக்கும், புதுசாகப் பார்க்கிறவன் பயிர் போச்சு என்பான். ஒரு வாரம் பத்து நாளில் புது வேர் விட்டதும் ‘பச்சை பிடிச்சிருச்சு’ என்பார்கள். பச்சையை ஒரு வேலையாகவே சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டியது. பிடுங்கி வேறிடத்தில் நட்டதால் வெளிறுவது என்றால் பசலையும் அதுதானே.

அடுத்து சேலை. வெள்ளைச் சேலை வெள்ளையாகவே இருக்காது. குளத்துத் தண்ணியிலும் ஆற்றுத் தண்ணியிலும் துவைக்கத் துவைக்கப் பழுப்பு ஏறும். அந்தப் பழுப்பை மறைக்கக் கடைசி அலசலில் நீலம் போடுவார்கள். ஒரு வாளிக்கு இரண்டு மூன்று சொட்டு, நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் துணியை முக்க வேண்டும். கூடிப்போனால் சேலை வெளிர்நீலமாகிவிடும். ஒரு விதவையின் வெள்ளை அவள் கையால் ஒவ்வொரு வாரமும் காப்பாற்றப்படுகிற வெள்ளை, அதை ‘வெறுமை’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகாதீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்:

‘நீலம் கூடிப்போன சேலையில் ஆச்சி
வரப்பில் குத்தவைத்திருக்கிறாள்.
நட்டு ஆறு நாள்.
இன்னும் பச்சை பிடிக்கவில்லை.’

வெள்ளை என்ற சொல்லே இதில் இல்லை. பச்சை இருக்கிறது, இல்லாததாக இருக்கிறது. ஆறு நாள் என்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம் என்று வயல் தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவனுக்குப் பாட்டு கொஞ்சம் இருட்டாக முடியும். அது இந்த நாலு வரியின் குறைதான், அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீலம் கூடிப்போவது நிஜமாகவே நடக்குமா, இல்லை கவிதைக்காகச் சொன்னதா?

நடக்கும். நான்தான் கூட்டினேன். ஏழெட்டு வயசு இருக்கும், ஆச்சிக்கு உதவுகிறேன் என்று நீலப்புட்டியை வாளியில் கவிழ்த்துவிட்டேன், கலக்கவும் இல்லை, சேலையை அப்படியே முக்கிவிட்டேன். கொடியில் போட்ட பிறகுதான் தெரிந்தது, திட்டுத் திட்டாக நீலம், முந்தியில் கைரேகை மாதிரி ஒரு கோடு. மறுநாள் அமாவாசை, ஆற்றுக்குப் போக மாற்றுச் சேலை இல்லை. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஆச்சி அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாய் கோணியது, சிரிப்பை அடக்குகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது.

“என்னலே, ஆச்சிய மயிலாக்கிட்டியே” என்றாள்.